குண்டூசி ஏன் ஒட்டவில்லை?

அருப்புக்கோட்டையைத் தாண்டி திருச்சுழி பக்கம் போனால் பெரும்பாலும் மானாவாரி நிலம். மழை கண் திறந்தால் பருத்தியும் சிறுதானியமும்; திறக்காவிட்டால் சீமைக் கருவேலம். கிணறோ போரோ வைத்திருக்கிறவர்களுக்கு மோட்டார்தான் எல்லாம். அது புகைந்து நின்றுவிட்டால் கழற்றி எடுத்துக்கொண்டு ஓடும் இடம், மோட்டாருக்குக் காயில் கட்டும் வைண்டிங் கடை.

நடுநிலைப் பள்ளியில் மின்காந்தம் பாடம் எடுக்கப்போகும் ஆசிரியருக்கும் அந்தக் கடைதான் கை கொடுக்கிறது. ஆறாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் மூன்றாம் பருவம் காந்தவியலோடுதான் தொடங்குகிறது. 6 முதல் 8 வரை படிக்கும் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பரிசோதனைகளைக் கையால் செய்து பார்க்க வேண்டும் என்று 2022 நவம்பரில் வானவில் மன்றத்தையும் அரசு தொடங்கியது. இந்தப் பாடத்துக்குத் தேவைப்படுவது மூன்று அங்குல ஆணி ஒன்று, செம்புக் கம்பி கொஞ்சம், டார்ச் பேட்டரி ஒன்று, குண்டூசி ஒரு டப்பா. ஆணியும் பேட்டரியும் மளிகைக் கடையிலோ இரும்புக் கடையிலோ கிடைக்கும். கம்பிதான் யோசிக்க வைக்கும். "அண்ணே, பிள்ளைங்களுக்குப் பாடம் நடத்த ரெண்டு மீட்டர் கம்பி வேணும்" என்று கேட்டால், வைண்டிங் கடைக்காரர் மிச்சம் விழுந்ததில் சுருட்டிக் கொடுத்துவிடுவார்.

வகுப்பில் என்ன நடக்கும்? ஒரு பையன் ஆணியில் கம்பியை அழகாகச் சுற்றுகிறான். இரண்டு முனைகளையும் பேட்டரியின் மேலும் கீழும் வைத்து அழுத்துகிறான். ஆணியைக் குண்டூசிக் குவியலில் விடுகிறான். ஒன்றும் நடக்கவில்லை.

"ஒட்டல சார்."

"பேட்டரி பழசா இருக்கும்டா, மாத்திப் பாரு."

மாற்றினாலும் ஒட்டாது. மணி அடித்துவிடும். ஆசிரியர் கரும்பலகையில் படம் போட்டு, 'மின்சாரம் பாய்ந்தால் ஆணி காந்தமாகும்' என்று எழுதிப் போடுவார். கண்ணால் பார்த்தது ஒன்று, நோட்டில் எழுதியது வேறொன்று. அன்றைக்கு அந்தப் பிள்ளை கற்றுக்கொள்வது காந்தத்தைப் பற்றி அல்ல. பார்த்ததை விட்டுவிட்டு எழுதியதை நம்பு என்பதைத்தான்.

இத்தனைக்கும் பேட்டரி மேல் குற்றம் இருக்காது. கம்பி மேல்தான் சந்தேகப்பட வேண்டும்.

வைண்டிங் கம்பி பார்வைக்கு வெறும் செம்பு மாதிரி பளபளக்கும். ஆனால் அதன் மேல் முழுக்க, கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லியதாக ஓர் எனாமல் பூச்சு இருக்கிறது. மின்சாரம் அதைத் தாண்டிப் போகாது. முனையை அப்படியே பேட்டரியில் வைத்தால், உறை போட்ட கையால் உப்பு எடுத்து நாக்கில் வைத்துக் கொள்ளாமல் உறையோடு ருசி பார்த்த கதைதான்: கம்பி பேட்டரியைத் தொடுகிறது, செம்பு தொடவில்லை.

இரண்டு முனைகளிலும் இரண்டு சென்டிமீட்டர் நீளத்துக்கு உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். ஒரு பக்கம் தேய்த்தால் போதாது; கம்பியைத் திருப்பித் திருப்பிச் சுற்றிலும் தேய்க்க வேண்டும். பூச்சு இருக்கும்போது கம்பி கருஞ்சிவப்பாக, வார்னிஷ் அடித்த மாதிரி இருக்கும். பூச்சு போனதும் வெளிறிய இளஞ்சிவப்பில் புதுச் செம்பு தெரியும். (தேய்த்ததும் வெள்ளி நிறம் தெரிந்தால் அது செம்பே அல்ல, அலுமினியக் கம்பி. வேலை நடக்கும், கொஞ்சம் வலு குறையும்.) சந்தேகம் தீர வேண்டுமானால் பேட்டரி, டார்ச் பல்பு, கம்பி மூன்றையும் ஒரே வட்டமாக இணைத்துப் பார்க்கலாம். பல்பு எரிந்தால் முனைகள் சரி.

இந்த இடத்தில் ஒரு கெட்டிக்காரப் பிள்ளை கேட்கும்: "அப்ப முழுக் கம்பியையும் தேச்சிட்டா இன்னும் நல்லதுதானே டீச்சர்?"

நல்ல கேள்வி. அதற்கு விடை, அதே கடையில் இன்னொரு மூலையில் கிடக்கிறது. எரிந்துபோன மோட்டாரிலிருந்து உருவிப் போட்ட பழைய காயில் கம்பி அது. சூட்டில் பூச்சு கருகி உதிர்ந்து, பல இடங்களில் வெறும் செம்பாக இருக்கும். அதை எடுத்துவந்து ஆணியில் நெருக்கமாகச் சுற்றினால் ஒரு சுற்று அடுத்த சுற்றைத் தொடும். எல்லாச் சுற்றும் ஆணியைத் தொடும். மின்சாரம் நூறு தடவை ஆணியைச் சுற்றி வரவேண்டிய அவசியமே இல்லை. பக்கத்துச் சுற்றுக்கு அப்படியே தாவி, குறுக்குவழியில் மறுமுனைக்குப் போய்விடும். பேட்டரி சுடும், குண்டூசி ஒட்டாது. மோட்டார் எரிந்ததும் பெரும்பாலும் இதே கோளாறால்தான். உள்ளே பூச்சு போய்ச் சுற்றும் சுற்றும் ஒன்றாகிவிட்டால் காயில் புகைந்துவிடும்.

ஆக, பூச்சு நடுவில் முழுசாக இருக்க வேண்டும். முனையில் சுத்தமாக இருக்கக் கூடாது. ஒட்டாத ஆணியைக் கையில் வைத்துக்கொண்டு விழிக்கும் ஆசிரியருக்கு இது ஒரு சுலபமான சோதனையைத் தருகிறது. பேட்டரியைத் தொட்டுப் பார்க்கலாம். ஊசி ஒட்டவில்லை, பேட்டரியும் குளிர்ந்தே இருக்கிறது என்றால் மின்சாரம் புறப்படவே இல்லை. முனையைத் தேய்க்க வேண்டும். ஊசி ஒட்டவில்லை, ஆனால் பேட்டரி சூடாகிறது என்றால் மின்சாரம் குறுக்குவழியில் போகிறது. கம்பியை மாற்ற வேண்டும்.

போர் மோட்டார் அதிகமுள்ள பகுதி என்பதால் வைண்டிங் கடையில் மூன்றாவதாக ஒரு கம்பியும் இருக்கும். தண்ணீருக்குள்ளேயே முங்கி ஓடும் சப்மெர்சிபிள் மோட்டாருக்கான கம்பி. அதன் மேல் பிளாஸ்டிக் உறை கண்ணுக்கு நன்றாகத் தெரியும். முதல் வகுப்புக்கு அதுவே மேல். உறை எங்கே இருக்கிறது, எங்கே உரித்தோம் என்று பின்வரிசைப் பிள்ளைக்கும் தெரியும். தடிமனாக இருப்பதால் ஆணியில் சுற்று குறைவாகத்தான் பிடிக்கும் என்பது மட்டும்தான் குறை.

இந்தப் பூச்சு விஷயம் 200 வருடத்துக் கதை. கம்பியில் மின்சாரம் ஓடினால் பக்கத்தில் உள்ள காந்த ஊசி திரும்புகிறது என்று டென்மார்க்கின் ஓர்ஸ்டெட் 1820-இல் கண்டார். இங்கிலாந்தில் செருப்புத் தொழிலாளி வீட்டில் பிறந்து, அந்தத் தொழிலையே முதலில் கற்ற வில்லியம் ஸ்டர்ஜன் என்பவர், 1825-இல் லாடம் மாதிரி வளைத்த இரும்பில் கம்பி சுற்றி முதல் மின்காந்தத்தைக் காட்டினார். சுமார் 200 கிராம் இரும்பு, 4 கிலோ எடையைத் தூக்கியது. அவரிடம் பூச்சுள்ள கம்பி கிடையாது. அதனால் இரும்புக்கு வார்னிஷ் அடித்து, வெறும் செம்புக் கம்பியை ஒன்றோடொன்று தொடாமல் இடைவெளி விட்டுச் சுற்றினார். சுற்ற முடிந்தது வெறும் 18 சுற்று. அமெரிக்காவில் ஜோசப் ஹென்றி இதைத் திருப்பிப் போட்டார்: இரும்புக்கு அல்ல, கம்பிக்கே பட்டுத் துணி சுற்றினார். இனிச் சுற்றுகள் தொட்டாலும் பரவாயில்லை. ஒன்றன் மேல் ஒன்றாக எத்தனை அடுக்கும் சுற்றலாம். சில ஆண்டுகளிலேயே அவருடைய மின்காந்தம் ஆயிரம் கிலோவை நெருங்கும் எடையைத் தூக்கிவிட்டது. அந்தப் பட்டுத் துணியின் வேலையைத்தான் இன்றைக்கு எனாமல் செய்கிறது.

முனையைத் தேய்த்தாயிற்று. இனிச் சுற்றுவது. மூன்று அங்குல ஆணிக்கு ஒரு சுற்றுக்கு ஒன்றரை சென்டிமீட்டர் கம்பி செலவாகும். 26 கேஜ் கம்பி, அதாவது அரை மில்லிமீட்டருக்குச் சற்று மெல்லியது, நூறு சுற்றுக்கு ஒன்றரை மீட்டர் பிடிக்கும். ஐந்து சென்டிமீட்டர் நீளத்தில் ஒரே அடுக்காக அடங்கிவிடும். முனைகளுக்கு ஆளுக்கொரு சாண் விட்டுக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது அடுக்கு சுற்றும்போது பிள்ளைகள் வழக்கமாகத் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ஆணியின் நுனி வரை சுற்றிவிட்டுத் தலைப் பக்கம் திரும்பும்போது, கையும் எதிர்த்திசையில் சுற்றத் தொடங்கிவிடும். நுனியிலிருந்து தலைக்கு வரலாம். ஆனால் சுற்றும் திசை மாறக் கூடாது. முதல் அடுக்கு கடிகார முள் திசை என்றால் இரண்டாவதும் அதே திசைதான். மாறினால் ஒரு அடுக்கு உண்டாக்கும் காந்தத்தை இன்னொரு அடுக்கு அழித்துவிடும். இருநூறு சுற்றுச் சுற்றியும் ஐந்து ஊசி தூக்காத ஆணிகளை அவிழ்த்துப் பார்த்தால் பெரும்பாலும் இதுதான் இருக்கும்.

"ரெண்டு பேட்டரி போட்டா ரெண்டு மடங்கு தூக்குமா சார்?" என்பது அடுத்துத் தவறாமல் வரும் கேள்வி. எல்லாரும் தூக்கும் என்றுதான் சொல்வார்கள். செய்து பார்த்தால் ஏமாற்றம்தான். காரணம், பேட்டரிக்கு உள்ளேயே ஒரு தடை இருக்கிறது. சாதாரண டார்ச் பேட்டரிக்கு அது அரை ஓம் என்று வைத்துக்கொள்ளலாம். நூறு சுற்றுக் கம்பியின் தடை அதைவிடக் குறைவு, சுமார் 0.15 ஓம். 1.5 வோல்ட்டை மொத்தத் தடையான 0.65-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 2.3 ஆம்பியர். இரண்டாவது பேட்டரியை வரிசையில் சேர்த்தால் வோல்ட் 3 ஆகிறது. கூடவே உள்தடையும் 1 ஓம் ஆகிவிடுகிறது. 3-ஐ 1.15-ஆல் வகுத்தால் 2.6 ஆம்பியர். இரண்டாவது பேட்டரிக்குக் காசு கொடுத்து வாங்கியது இந்தச் சிறு வித்தியாசம்தான்.

அதற்குப் பதிலாக, ஒரே பேட்டரியை வைத்துச் சுற்றுகளை இருநூறாக்கினால்? கம்பியின் தடை 0.3 ஆகும், மின்னோட்டம் 1.9 ஆம்பியருக்கு இறங்கும். ஆனால் அது இருநூறு முறை சுற்றி வருகிறது. ஆணியின் காந்த வலு, மின்னோட்டத்தையும் சுற்றையும் பெருக்கி வருவதைப் பொறுத்தது. முன்பு 230, இப்போது 380. ஒன்றரை மடங்குக்கு மேல். கிராமத்துப் பள்ளிக்கு இது லாபக் கணக்கு: பேட்டரிக்குக் காசு, கம்பி சும்மா.

இதை ஊசி எண்ணிச் சரிபார்க்கும்போது இன்னொரு வில்லங்கம் காத்திருக்கிறது. வழக்கமாக 25 சுற்றில் தொடங்கி 50, 75, 100 என்று ஏற்றிக்கொண்டே போவார்கள். 25-க்கு 4 ஊசி, 50-க்கு 8, 75-க்கு 10, நூறுக்கும் அதே 10 என்று வருவதாக வைத்துக்கொள்வோம். 'அதற்கு மேல் சுற்றினால் பயனில்லை' என்று நோட்டில் எழுதிவிடத் தோன்றும். அவசரப்படக் கூடாது. நூறாவது சுற்று வருவதற்குள் பேட்டரி பாதி களைத்திருக்கும். இங்கே இறங்கியது சுற்றின் பலனா, பேட்டரியின் பலமா?

வைண்டிங் கடைக்காரரின் உத்தி ஒன்று இதற்கு உதவும். நூறு சுற்றையும் ஒரே தடவையில் சுற்றிக்கொள்ள வேண்டும். ஆனால் 25, 50, 75-ஆவது சுற்றுகளில் கம்பியை வெட்டாமல் ஒரு சின்னக் கண்ணியாக முறுக்கி வெளியே விட்டு, அந்தக் கண்ணியின் நுனியையும் தேய்த்துவிட வேண்டும். கடையில் இதை டேப்பிங் என்பார்கள். இப்போது எந்தக் கண்ணியில் பேட்டரியை வைக்கிறோமோ அத்தனை சுற்று. முதலில் 25-லிருந்து நூறு வரை ஏறி எண்ணிவிட்டு, உடனே நூறிலிருந்து 25 வரை இறங்கியும் எண்ணலாம். ஏறும்போது 4 தூக்கிய 25 சுற்று, இறங்கும்போது 2-தான் தூக்குகிறது என்றால் களைத்தது பேட்டரிதான் என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். எண்ணத் தொடங்கும் முன், பேட்டரி இணைக்காத ஆணியையும் ஒருமுறை ஊசிக் குவியலில் விட்டுப் பார்ப்பது அவசியம். முந்தின வகுப்பில் பயன்படுத்திய ஆணி, மின்சாரம் இல்லாமலேயே ஒன்றிரண்டைத் தூக்கும்.

பேட்டரியை ஐந்து விநாடிக்கு மேல் இணைப்பில் வைக்கக் கூடாது; எண்ணும் நேரத்தில் எடுத்துவிட்டு, அரை நிமிடம் ஆறவிட வேண்டும். முனையை விரலால் அழுத்திப் பிடித்தால் சுடும். பழைய சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி பேட்டரிக்கு நீளவாக்கில் மாட்டினால் முனைகளை அது பிடித்துக்கொள்ளும். பேட்டரி என்றால் 1.5 வோல்ட் டார்ச் பேட்டரி மட்டும்தான். பைக் பேட்டரி, பழைய செல்போன் பேட்டரி, பவர் பேங்க் எதுவும் கூடாது. அவற்றின் உள்தடை மிகக் குறைவு. பைக் பேட்டரியில் இதே கம்பி கண நேரத்தில் பழுக்கக் காய்ந்துவிடும். செல்போன் பேட்டரி தீப்பிடிக்கும். வீட்டுச் சுவரில் உள்ள பிளக் பாயிண்டின் பக்கமே இந்தக் கம்பி போகக் கூடாது. இதைப் பிள்ளைகளிடம் முதலிலும் கடைசியிலும் சொல்ல வேண்டும்.

பாடத்தின் ருசியான பகுதி ஊசி ஒட்டுவதில் இல்லை, விழுவதில் இருக்கிறது. பேட்டரியை எடுத்ததும் எல்லா ஊசியும் விழ வேண்டும் என்கிறது புத்தகம். உண்மையில் ஒன்றிரண்டு தொங்கிக்கொண்டே இருக்கும். ஆணி தன் காந்தத்தைக் கொஞ்சம் விடமாட்டேன் என்கிறது. ஆணி செய்யும்போது கம்பியை இழுத்து, தலையைத் தட்டி, இரும்பை இறுக்கிவிடுகிறார்கள். இறுகிய இரும்பு காந்தத்தை லேசில் விடாது. சுவரில் அடிக்கும் கான்கிரீட் ஆணி இன்னும் கெட்டி. அது நிறையவே தக்கவைத்துக்கொள்ளும்.

இதற்கு மருந்து ஊரிலேயே இருக்கிறது. திருச்சுழி பக்கம் சீமைக் கருவேலம் வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுப்பது பலருக்குப் பிழைப்பு. அந்தக் கரித்துண்டு நாலைப் பற்றவைத்து, பெரியவர் ஒருவர் ஆணியை இடுக்கியால் பிடித்துச் செக்கச் செவேல் என்று காயவைத்து, சாம்பலுக்குள் புதைத்துவிட வேண்டும். தண்ணீரில் முக்கக் கூடாது. தானாக, மெதுவாக ஆற வேண்டும். மறுநாள் எடுத்தால் ஆணி கறுத்து, கையால் வளைக்கும் அளவுக்கு இளகியிருக்கும். துத்தநாகம் பூசிய வெள்ளை ஆணியை மட்டும் நெருப்பில் போடக் கூடாது. அந்தப் புகை நெஞ்சுக்கு ஆகாது.

இப்போது மூன்று ஆணிகளுக்கும் ஒரே அளவு கம்பி சுற்றி ஒப்பிடலாம்: காய்ச்சி ஆற்றிய ஆணி, கடையில் வாங்கிய சாதா ஆணி, கான்கிரீட் ஆணி. பேட்டரியை எடுத்ததும் முதல் ஆணி ஏறக்குறைய எல்லாவற்றையும் உதறிவிடும். மூன்றாவது பிடித்துக்கொண்டு நிற்கும். எது நல்ல காந்தம் என்று வகுப்பில் சண்டை வரும், வரட்டும். அருப்புக்கோட்டை நூற்பாலைகளில் வேலை பார்க்கும் அப்பாவோ சித்தியோ உள்ள பிள்ளை அதற்குப் பதில் கொண்டுவரலாம். பஞ்சைப் பிரிக்கும் இடத்தில், அதில் கலந்துவந்த இரும்புத் துணுக்கைப் பிடிக்கக் காந்தம் வைத்திருப்பார்கள்; துணுக்கு உள்ளே போய் எந்திரத்தில் உரசினால் பொறி பறந்து பஞ்சு பற்றிக்கொள்ளும். அங்கே கரண்ட் போனாலும் பிடித்ததை விடாத காந்தம்தான் வேண்டும்.

விட்டுவிடும் காந்தம் எங்கே வேண்டும் என்பதற்குத் தோட்டத்து மோட்டார் ரூமுக்குப் போக வேண்டும். சுவரில் மாட்டியிருக்கும் ஸ்டார்ட்டர் பெட்டியில் பச்சைப் பட்டனை அழுத்தினால் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்குமே, அது உள்ளே இருக்கும் மின்காந்தம் ஓர் இரும்புத் துண்டை இழுத்து ஒட்டிக்கொள்ளும் சத்தம். அந்த இழுப்பில்தான் மோட்டாருக்குப் போகும் மூன்று பேஸ் இணைப்பும் சேர்கிறது. அதற்கு நோ வோல்ட் காயில் என்று பெயர். கரண்ட் போனால் காந்தம் போய்விடும். ஸ்பிரிங் தள்ளிவிட, இணைப்பு பிரிந்துகொள்ளும். திரும்பக் கரண்ட் வந்தாலும் மோட்டார் தானாக ஓடாது. ராத்திரியில் த்ரீ பேஸ் வந்ததும் எழுந்து போய் யாராவது பச்சைப் பட்டனை அழுத்துவது இதனால்தான். அந்த அலைச்சலுக்குச் சலித்துத்தான் பலர் ஆட்டோ சுவிட்ச் மாட்டிக்கொண்டார்கள்.

பெட்டியைப் பிள்ளைகள் திறக்கக் கூடாது, உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் இருக்கிறது. வெளியே நின்று சத்தத்தைக் கேட்டால் போதும். அந்தக் காயிலுக்குள் இருப்பதும் காய்ச்சி ஆற்றிய ஆணி மாதிரி இளகிய இரும்புதான். கெட்டியான ஒரே கட்டையாக இல்லாமல், மெல்லிய தகடுகளாக அடுக்கியிருப்பார்கள். அதில் காந்தம் மிச்சம் தங்கினாலோ, முகத்தில் பிசுக்கு ஏறி ஒட்டிக்கொண்டாலோ, சிவப்புப் பட்டனை அழுத்திய பிறகும் இணைப்பு விடாது. கிணற்றில் தண்ணீர் வற்றிய பிறகும் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். மெயினை இறக்கி நிறுத்திவிட்டு, ஸ்டார்ட்டரைக் கழற்றிக்கொண்டு அதே வைண்டிங் கடைக்குத்தான் போக வேண்டும்.